நல்லாத் தின்னுது, ஆனா சாணி தண்ணியாப் போகுது, மாடு எலும்பும் தோலுமாகிடுச்சு: என்ன செய்யலாம்?

தொழுவத்துக்காரி:
கலப்பினப் பசு, ஐந்து வயது, மூன்றாம் ஈத்து. இரண்டாம் ஈத்தில் வெளியிலிருந்து வாங்கி வந்தது. கன்று போட்டுச் சில வாரத்தில் சாணி இளகத் தொடங்கி, இப்போது கரைத்து ஊற்றியது போலப் போகிறது. ரத்தமோ சளியோ இல்லை, காய்ச்சலும் இல்லை. தீவனத் தொட்டியை வழித்துத் தின்றுவிட்டு அடுத்த மாட்டின் தொட்டியிலும் தலையை விடுகிறது. ஆனால் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, பால் பாதியாகிவிட்டது. இந்த வாரம் தாடைக்குக் கீழே மெத்தென்று ஒரு வீக்கமும் வந்திருக்கிறது. குடற்புழு மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தபோது நான்கைந்து நாள் சாணி கட்டியாச்சு, அப்புறம் பழையபடி. அதே கொட்டகை ஓரத்தில் வெள்ளாடுகளும் நிற்கின்றன. அதில் ஒன்றும் மெலிகிறது, ஆனால் அதன் பிழுக்கை நன்றாகத்தான் இருக்கிறது. என்னவாக இருக்கும்?

செவலைக்காளை:
தாடை வீங்கினால் ஈரல் தட்டைப்புழுதான், சந்தேகமே வேண்டாம். சாதாரணக் குடற்புழு மருந்து அதைத் தொடாது. அதற்கென்று உள்ள மருந்தை வாங்கி ஊற்றுங்க, ரெண்டு வாரத்தில் வீக்கம் வடியும்.

பச்சைப்புல்:
எங்க கன்றுக்கும் இப்படித்தான் பிறந்த மறுவாரமே கழிச்சல். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி கொடுத்தே தேத்திட்டோம். உங்க கன்றுக்கும் உடனே ஆரம்பிங்க, தாமதிச்சா கண் குழி விழுந்துடும்.

தொழுவத்துக்காரி:
@பச்சைப்புல் கழிச்சல் கன்றுக்கு இல்லைங்க, தாய்க்கு. கன்று துள்ளிக்கிட்டுத்தான் இருக்கு. @செவலைக்காளை தட்டைப்புழு மருந்தும் கொடுத்தாச்சு அண்ணா. சாணியைச் சோதனைக்கு அனுப்பினதில் புழு முட்டை எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
செவலைக்காளை சொன்னதில் பாதி சரி. தட்டைப்புழுவிலும் தாடை வீங்கும். அதனால் முதலில் அதை விலக்கிப் பார்ப்பது முறைதான், நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அதிலும் சரி, உங்கள் மாட்டுக்கு நான் சந்தேகப்படும் நோயிலும் சரி, வீக்கத்துக்குக் காரணம், ரத்தத்தில் புரதம் குறைந்து நீர் தாழ்ந்த இடத்தில் தேங்குவது. உங்கள் மாட்டுக்குப் புரதம் குடல் வழியாகவே ஒழுகிப்போகிறது என்பது என் ஊகம்.

பசி குறையாமல், காய்ச்சல் இல்லாமல், மருந்துக்கு நாலு நாள் நின்று மறுபடி திரும்பும் கழிச்சல், அதுவும் ஈன்ற பிறகு: இதைப் பார்த்தால் ஜோனிஸ் நோய் என்றுதான் முதலில் நினைப்பேன். பாராடியூபர்குளோசிஸ் என்று அறிக்கையில் எழுதுவார்கள். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி. கடைசிச் சிறுகுடலின் சுவருக்குள் போய் உட்கார்ந்து, அந்தச் சுவரைத் தடிக்கவைத்து மடிப்பு மடிப்பாக்கிவிடும். தின்பதெல்லாம் வயிற்றுக்குள் போகும், உடம்பில் ஒட்டாது.

இந்த மாடு உங்களிடம் வந்த பிறகு தொற்றியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் கன்றாக இருந்தபோதே, முதல் சில மாதத்துக்குள், சாணம் பட்ட காம்பிலிருந்தோ பாலிலிருந்தோ உள்ளே போயிருக்கும். இரண்டு வயதுக்கு முன் வெளியே தெரிவது அபூர்வம். ஈன்ற அயர்ச்சியில்தான் பல மாடுகளில் தலைகாட்டும். ரத்தத்தில் எலிசா சோதனையும் சாணத்தில் பிசிஆர் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். சாணத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றியும் பார்ப்பார்கள். அதில் இந்தக் கிருமி சிவப்புக் குச்சிகளாகக் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும், தெரியாவிட்டால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தொழுவத்துக்காரி:
முடிவு வந்துடுச்சு ஐயா. சாணிப் பூச்சில் ஒன்றும் இல்லை. ரத்த எலிசாவும் சாணி பிசிஆரும் பாசிட்டிவ். மெலிந்த ஆட்டுக்கு எலிசா நெகட்டிவ். மருந்து ஏதாவது இருக்கா? கன்று கிடாரி, தாயிடம்தான் ஊட்டுது. அதைக் காப்பாத்த முடியுமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
குணமாக்கும் மருந்து இல்லை. ஆன்டிபயாடிக்குக்கு இனி செலவு செய்யாதீர்கள். இந்த நிலையில் உள்ள மாட்டின் ஒரு கிராம் சாணத்தில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கலாம். அது நிற்கும் ஒவ்வொரு நாளும் கொட்டகைக்குக் கேடு. உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கும் வழியில் மந்தையை விட்டு விலக்குங்கள். கறவை மாடு என்று சொல்லி இன்னொருவருக்கு விற்காதீர்கள். உங்கள் கொட்டகைக்கு இது வந்ததும் அப்படித்தான் இருக்கும்.

கன்றை இன்றே பிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: தாய் இவ்வளவு முற்றியிருந்தால் கருவிலேயே தொற்றியிருக்கலாம், சீம்பாலிலும் போயிருக்கலாம். அதைப் பிரிப்பது அதற்குப் பயன்படுகிறதோ இல்லையோ, மற்றக் கன்றுகளுக்குப் பயன்படும். எலிசாவை இப்போது செய்யாதீர்கள், இரண்டு வயதுக்குக் கீழே நெகட்டிவ் வந்தாலும் பொருளில்லை.

இனி ஈனப்போகும் மாடுகளைச் சாணம் இல்லாத தனி இடத்தில் ஈனவையுங்கள். கன்று விழுந்ததும், காம்பைத் தேடும் முன்பே எடுத்துவிடுங்கள். சோதனையில் நெகட்டிவான மாட்டின் சீம்பாலைப் புட்டியில், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, முதல் சில மணி நேரத்துக்குள் கொடுங்கள். கொட்டகையில் நோய் இருக்கும்போது நெகட்டிவ் என்பதும் முழு உத்தரவாதம் அல்ல. அதனால் அந்தச் சீம்பாலை 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் இன்னும் நல்லது. சூடு அதைத் தாண்டினால் திரிந்துபோகும். பெரிய மாட்டுச் சாணம் அள்ளும் மண்வெட்டியும் மிதித்த செருப்பும் கன்றுப் பக்கம் போகவே கூடாது. பலர் பாலைக் கவனித்துவிட்டு இதில் கோட்டை விடுகிறார்கள்.

ஆட்டுப்பட்டி:
ஆடு பற்றி நான் சொல்றேன். எலிசா நெகட்டிவ்னு நிம்மதியா இருக்காதீங்க. என் பட்டியில் மெலிந்து செத்த ஆடுகளில் பாதிக்குக் கடைசி வரை பிழுக்கை உருண்டையாத்தான் இருந்தது. நானும் ரொம்ப நாள் பல்லு தேஞ்சு போச்சுன்னுதான் நினைச்சேன். அறுத்துப் பார்த்தப்ப குடல் பெருசா தடிச்சிருக்கல, குடலை ஒட்டின நெறிக்கட்டிதான் வீங்கியிருந்தது. தடுப்பூசி போட்ட பிறகு மெலியறது குறைஞ்சது. அதுதான் ஒரே வழி, எல்லாத்துக்கும் போட்டுடுங்க. கன்றையும் சேர்த்து வித்துடுங்க.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
ஆடு பற்றி அவர் சொன்னது சரி. மாட்டிடமிருந்து ஆட்டுக்கும், ஆட்டிடமிருந்து மாட்டுக்கும் போகலாம், அதனால் இரண்டையும் ஒரே பட்டியாகவே எண்ணுங்கள். தடுப்பூசியில் மட்டும் மாறுபடுகிறேன். அது நோயாவதையும் கிருமி வெளியேறுவதையும் குறைக்கும், தொற்றையே நிறுத்தாது. போட்ட பிறகு காசநோய்த் தோல் சோதனையும் குழம்பும், எலிசாவும் குழம்பும். எந்தெந்த ஊரில் அனுமதி உண்டு என்பதும் வேறுவேறு. மாட்டுக்கு வேண்டாம் என்பேன். ஆட்டுக்கு, முதலில் பட்டியில் எத்தனை பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு பேசலாம்.

கன்றை விற்பதிலும் அதே சங்கடம்தான், தெரிந்தே இன்னொருவர் தொழுவத்தில் விடுவதாகும். வளர்த்தால் தனியே வளருங்கள், இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

ஆட்டுப்பட்டி:
தனியே வளர்க்க இடமும் ஆளும் எல்லாருக்கும் இருக்காது ஐயா. ஏட்டுக்கு எளிது.

தொழுவத்துக்காரி:
எனக்கும் ஒரே கொட்டகைதான். கன்றை என்ன செய்யறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. இப்போதைக்குத் தடுப்புக் கட்டிட்டேன். இந்த மாட்டுச் சாணி குழியில் கிடக்கு, சுண்ணாம்பு போட்டா போதுமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
மேலே தூவும் சுண்ணாம்பை நம்பாதீர்கள். மண்ணில், ஈரத்தில், நிழலில் இந்தக் கிருமி ஓர் ஆண்டுக்கு மேலும் பிழைத்திருக்கும். எருவை உழவு நிலத்துக்குப் போடுங்கள். கன்றும் குட்டியும் மேயும் புல்லுக்குப் போட வேண்டாம். குழிக்கு மேட்டில் கன்றுத் தொட்டி இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று மழைக்கு முன் ஒருமுறை பாருங்கள்.

தொழுவத்துக்காரி:
பள்ளத்தில்தான் இருக்கு. இன்னிக்கே மாத்துறேன்.