புதுப்பிப்பு: காட்பாடி டீக்கடை போர்டு வாசகம்

கேட்டது: "‘வேலூரின் நம்பர் 1 இஞ்சி டீ! தூய பசும்பால்! சளி, சுகர் பறந்தோடும்!’ இதைச் சுருக்கணும், பொய்யும் இருக்கக் கூடாது."

முதலில் போனது சுகர். நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை மருந்து விளம்பரங்களுக்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சளியும் கூடவே போனது. கடையில் ஊற்றுவது பாக்கெட் பால். அதில் எருமைப்பாலும் கலந்திருக்கலாம், அதனால் பசும்பாலும் போனது. "நம்பர் 1-ஐ யார் கேட்கப் போறாங்க?" என்றார் ஒருவர். கேட்க மாட்டார்கள்தான், நம்பவும் மாட்டார்களே!

மிஞ்சியது இஞ்சி. "இஞ்சி டீ, இப்போ போட்ட டீ" என்று ஒரு அண்ணன் எழுதினார். மோனை சரி. ஆனால் கூட்ட நேரத்தில் பிளாஸ்கிலிருந்து ஊற்றினால் அந்த "இப்போ" பொய். அக்கா ஒருவர் அதைத் திருத்தினார்:

இடித்த இஞ்சி, வடித்த டீ.

இடித்த, வடித்த: எதுகை தானாக விழுகிறது. நாலே சொல், தூரத்திலிருந்தும் படிக்கலாம். ஒரே நிபந்தனை, சுக்குப்பொடி போடும் நாளில் போர்டு பொய்யாகிவிடும். உரலும் இஞ்சியும் தினமும் வேண்டும்.

"என் ஆம்பூர் பேக்கரிக்கு ‘சுடச்சுட பன்’ போடலாமா?" என்கிறார் இன்னொருவர். சாயங்காலம் பன் ஆறிவிடுமே, அண்ணே?