புதுப்பிப்பு: லித்தியம்-சல்ஃபர் செல் சார்ஜ் முடியாத விஷயம்

முன்பு நான் கேட்டது: "பத்து மணி நேரத்தில் நிரம்பும் C/10 வேகத்தில் சார்ஜ் 2.8 V-ஐத் தொடவே மாட்டேன் என்கிறது, 2.35 V-இலேயே நிற்கிறது. ஏன்?"

காரணம் ஷட்டில்தான், அதாவது கரைந்த சல்ஃபர் சேர்மங்கள் இரு மின்முனைகளுக்கும் இடையே போய்வருவது. ஒரு கிராம் சல்ஃபருக்கு 1500 mAh ஏற்றினால் 960 தான் திரும்பியது, அதாவது 64%. நீள்சங்கிலிப் பாலிசல்ஃபைடுகள் எலக்ட்ரோலைட்டில் கரைந்து லித்தியம் பக்கம் போய்க் குறுகுகின்றன. கேத்தோடுக்குத் திரும்பி மறுபடி நீள்கின்றன. கரண்ட் இந்தச் சுற்றுக்கே செலவாகிறது. போன சல்ஃபரில் கொஞ்சம் லித்தியத்தின் மேல் படிந்து வராமலே போகிறது, சைக்கிள் ஆயுள் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேத்தோடில் நுண்துளைக் கார்பன் வைத்தால் போதும் என்றார் ஒரு நண்பர். மாற்றினேன், 70%-க்கு மேல் ஏறவில்லை. இன்னொருவர் இதை இன்வெர்ட்டர் பேட்டரியின் சல்ஃபேஷன் என்று நினைத்துத் தன் வீட்டுக் கதையைச் சொன்னார், அது வேறு வேதியியல்.

எலக்ட்ரோலைட்டில் 2% லித்தியம் நைட்ரேட் சேர்த்ததும் 98% வந்தது. ஆனால் 60 சைக்கிளுக்கு அப்புறம் மறுபடி சரிவு. "டிஸ்சார்ஜை எங்கே நிறுத்துகிறீர்கள்?" என்று கேட்டார் மூத்த ஆய்வாளர் அக்கா. 1.5 V. அவ்வளவு கீழே போனால் நைட்ரேட் கார்பனிலேயே சிதைந்துவிடும் என்றார். 1.8 V-இல் நிறுத்தினேன். சரி, 120 சைக்கிள் தாண்டியும் 97% நிற்கிறது.

இருந்தும் முழு சார்ஜில் 48 மணி நேரம் சும்மா வைத்தால் அடுத்த டிஸ்சார்ஜில் 2.3 V அருகே மின்னழுத்தம் நிலையாக நிற்கும் பகுதி பாதியாகச் சுருங்குகிறது. ஷட்டில் இன்னும் ஓடுகிறது. லித்தியத்துக்குப் பாதுகாப்புப் பூச்சா, செபரேட்டர் பூச்சா என்று இன்னும் முடிவாகவில்லை.