செவலை மாடு சிவப்பா, பழுப்பா?

வெயிலோன்: "செவலை மாடு என்றால் சிவப்பு மாடு" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எந்த ஊரில் மாடு சிவப்பாக இருக்கிறது? அது பிரவுன். பிரவுனுக்குத் தமிழ் பழுப்பு. பழுப்பு மாடு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மேழி: எழுதியவன் நான்தான். பழுப்பு மாடு என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பழுப்பு என்பது பழுத்த இலையின் நிறம். வேப்பிலை உதிருமுன் பச்சை போய் மஞ்சளோடி நிற்குமே, அது. வெள்ளை வேட்டி நாள்பட்டால் பழுப்பேறும், பழைய கடிதம் பழுப்பேறும். செவலை மாடு எதிலிருந்து பழுத்தது?

சொல்வயல்: நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. அது மஞ்சளா? பிரவுன் என்றால் பழுப்பு என்று எப்போதோ முடிவாகிவிட்டது.

மேழி: அது 'பிரவுன் கோல்' என்பதை வைத்து ஆக்கிய பெயர். புத்தகத்துக்காக ஆக்கிய சொல்லைத் தொழுவத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

தறிநாடா: நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மா அரக்குப் புடவை கேட்டார். இணையக் கடையில் அரக்கு என்று தேட வழியில்லை, பிரவுன் என்று போட்டு வாங்கினேன். காப்பித்தூள் நிறத்தில் வந்தது. அரக்கில் சிவப்பு உள்ளே இருக்க வேண்டும், வெயிலில் பிடித்தால் தெரிய வேண்டும். மெரூன் என்று தேடியிருக்க வேண்டுமா?

வெயிலோன்: புடவைக்குத் தனி இழை தொடங்குங்கள். மேழி, போன மாதம் சந்திப்பிழைக்கு என்னிடம் சண்டை போட்டவர் நீங்கள்தானே? கண்ணுக்குப் பிரவுனாகத் தெரிவதை சிவப்பு என்பது மட்டும் பிழை இல்லையா?

மேழி: சந்தியை இங்கே இழுக்காதீர்கள், அதிலும் நான் சொன்னதுதான் சரி. ரெட் சிந்தி மாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் சொல்லும் அதே பிரவுன்தான், ஆங்கிலத்திலேயே ரெட் என்றுதான் பெயர். மாட்டு நிறம் ஒரு தனிக் கணக்கு. எங்கள் காங்கேயம் பசு மயிலை. போன தையில் அது போட்ட கன்று செவலை. வாங்க வந்தவர் வெளியூர், நிறம் பார்த்து வேறு கலப்பு என்று திரும்பிப் போனார். காங்கேயம் கன்று செவலையாகத்தான் பிறக்கும், ஆறு மாத வாக்கில் சாம்பல் ஓடி மயிலையாகும். எங்கள் கன்றும் அப்படியே ஆனது. காளையாக இருந்தால் திமிலும் கழுத்தும் கருத்துவரும். இதில் பழுப்பு எந்த மாதத்தில் வருகிறது என்று நீங்கள் சொல்லுங்கள்.

சொல்வயல்: மயிலை என்றால் கிரே, அவ்வளவுதானே?

மேழி: கிரே என்று எழுதினால் கருமயிலையை எப்படிப் பிரிப்பீர்கள்?

தறிநாடா: அரக்குக்கு யாராவது பதில் சொல்லுங்கள், திருப்பி அனுப்ப இரண்டு நாள்தான் இருக்கிறது.

வெயிலோன்: நிலக்கரிக்குச் சரியான பதில் இன்னும் வரவில்லை.

மேழி: வந்தாயிற்று. மேலே போய்ப் படியுங்கள்.