"மாமூல் தடம்" என்று எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஜெலுத்தோங்காரன்

துறையூர் பக்கம் எங்கள் அப்பாவின் நிலம் 3 ஏக்கர் 30 சென்ட். மூன்று பங்கு, ஆளுக்கு 1 ஏக்கர் 10 சென்ட். ரோட்டோரம் அண்ணனுக்கு, கிணறு இருக்கும் நடுப்பங்கு தம்பிக்கு, கடைசிப் பங்கு எனக்கு. நான் பினாங்கிலிருந்து பவர் எழுதிக் கொடுத்தேன், மாமா கையெழுத்துப் போட்டார். பத்திரத்தின் நகல் எனக்கு வந்தது. நான் படித்தது சொத்து விவரத்தில் என் பங்கின் நான்கெல்லையை மட்டும்தான்.

சென்ற தை மாதம் அறுவடைக்கு ஊருக்குப் போனேன். கதிர் அறுக்கும் இயந்திரம் ரோட்டில் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, அண்ணன் வயலோரத் தடத்தைக் காலடியால் அளந்தார். பனைமரத்துக்கும் புதிதாக நட்ட கல்லுக்கும் நடுவில் வந்ததும் நின்றார். "ஒன்பது அடிதான் இருக்கிறது, பன்னிரண்டு வேண்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வரவில்லை.

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். "மாமூல் நடை, வண்டித் தட பாத்தியம் சகிதம்" என்று ஒரே வரி. அகலமும் இல்லை, எந்த ஓரமாகப் போகிறது என்பதும் இல்லை. அண்ணன் சொல்கிறார்: "மாமூல் என்றால் அப்பா காலத்து மாட்டுவண்டித் தடம். அதற்கு ஒன்பது அடி தாராளம்." அந்த ஆண்டு நெல்லை ஆள் வைத்து அறுத்தோம். கூலி எவ்வளவு ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

செந்தூல் அக்கா

உங்களுக்குத் தடம், எனக்குக் கிணறு. பத்திரத்தில் "கிணற்றிலும் மோட்டாரிலும் பாதி பாத்தியம்" என்று இருக்கிறது. கிணறு என் தம்பியின் எல்லைக்குள் இருக்கிறது. மோட்டார் கொட்டகைச் சாவி அவன் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. நான் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அங்கேதான் தொங்கியது. என் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் தண்ணீர் முறைக்குப் போனால், "குளித்துவிட்டு வருகிறேன், நில்லுங்கள்" என்பான். அவன் குளித்து முடிக்கும்போது மும்முனை மின்சாரம் நின்றிருக்கும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் முறை என்று பெரியவர்கள் வாயால் பேசி வைத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வயலுக்கு மும்முனை மின்சாரம் நாளெல்லாம் வருவதில்லை, சில மணி நேரந்தான். அதுவும் சில நாள் பகலில், சில நாள் இரவில். நாள் கணக்கில் முறை வைத்தால் ஒருவருக்கு எப்போதும் மோசமான பாதிதான் விழும். மின்சாரம் வரும் மணிக்கணக்கில் முறை எழுதியிருக்க வேண்டும். யாருக்கும் அப்போது தோன்றவில்லை, எனக்குந்தான்.

பட்டர்வொர்த் ரவுண்டானா

ஜெலுத்தோங் அண்ணா, வீணாகக் கவலைப்படுகிறீர்கள். வழி எழுதாவிட்டாலும் சட்டம் கொடுக்கும். இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882, 13-ஆம் பிரிவு. கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது ஒருவர் பங்கை அனுபவிக்க இன்னொருவர் பங்கு வழியாகப் போவது அவசியம் என்றால் அந்த உரிமை தானாகவே வந்துவிடும். என் மைத்துனன் அப்படித்தான் வழக்குப் போட்டு ஜெயித்தான். பத்திரத்தில் பக்கம் பக்கமாக எழுதுவது பத்திர எழுத்தருக்குத்தான் லாபம்.

பிரிக்பீல்ட்ஸ் பழைய எழுத்தர்

இங்கே வருவதற்கு முன் முசிறியில் ஒரு பத்திர எழுத்தரிடம் எட்டு ஆண்டுகள் இருந்தேன். இந்த "மாமூல் தடம்" என்ற சொல்லை என் கையாலேயே பலமுறை எழுதியிருக்கிறேன். ஒத்துக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த் தம்பி சொன்னது பாதி சரி. 13-ஆம் பிரிவு உண்மைதான். ஆனால் அதே சட்டத்தில் 14-ஆம் பிரிவும் இருக்கிறது. அவசிய வழி எந்தப் பக்கமாகப் போகவேண்டும் என்று காட்டுகிற உரிமை, வழி போகும் நிலத்தின் சொந்தக்காரருக்கு. போகிறவருக்கு அது ஓரளவு வசதியாக இருந்தால் போதும். அடுத்து 41-ஆம் பிரிவு: அவசியம் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது. நாளை கடைசிப் பங்கை ஒட்டி ஒரு பஞ்சாயத்து ரோடு வந்தால், "இனி அந்தப் பக்கம் போய்க்கொள்" என்று அண்ணன் வேலி போடலாம். அந்த ரோட்டில் மழைக்காலத்தில் முழங்கால் சேறு என்றாலும் வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பத்திரத்தில் அகலம் எழுதிக் கொடுத்த தடம் அப்படிப் போகாது. அது எழுத்தால் கொடுத்த உரிமை, அவசியத்தால் வந்ததல்ல.

இப்போது ஜெலுத்தோங் ஐயாவின் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் கோளாறு சொல்லில் மட்டும் இல்லை, கணக்கிலும் இருக்கிறது. 330 சென்ட்டை மூன்றால் வகுத்து ஆளுக்கு 110 என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு தடத்தைச் சேர்த்தார்கள். தடம் யாருடைய 110-க்குள் போகிறது? அண்ணனுடையதிலும் தம்பியுடையதிலும். முன்பங்கு 200 அடி நீளம் என்று வைத்தால், 12 அடி அகலத்துக்கு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக ஐந்தரை சென்ட். அண்ணன் நிலம் அது, ஆனால் நட முடியாது. அவர் கல் நட்டதை நான் நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து வராததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

முறையாகச் செய்திருந்தால் இப்படி இருந்திருக்கும். ஏ ஷெட்யூலில், அதாவது முழுச் சொத்து விவரத்தில், மொத்தம் 330 சென்ட். அதிலிருந்து பொது இடத்தை முதலில் கழிக்க வேண்டும். இரண்டு பங்குகளின் கிழக்கோரம் 400 அடி நீளம், 12 அடி அகலம், 11 சென்ட். கிணறு, மோட்டார் கொட்டகை, தூர் மண் கொட்டுமிடம் சேர்த்து ஏறத்தாழ 42 அடி சதுரம், 4 சென்ட். இந்த 15 சென்ட்டும் தனி ஷெட்யூல், தனி நான்கெல்லை. மீதி 315, ஆளுக்கு 105. கடைசிப் பங்குக்காரரான நீங்களும் தடத்துக்கும் கிணற்றுக்கும் சேர்த்து 5 சென்ட் விட்டிருப்பீர்கள். அண்ணனுக்கு வயிறு எரிந்திருக்காது. எழுதும்போது யாருக்கும் 110-ஐ 105 ஆக்க மனம் வராது, அதனால்தான் "மாமூல்" என்று எழுதி மூடிவிடுவோம்.

பொது ஷெட்யூலில் ஒரு வாசகம் தவறக்கூடாது: "இதை எக்காலத்திலும் பங்கு பிரிக்காமல் பொதுவில் அனுபவிக்க வேண்டியது." இது இல்லாவிட்டால் பிற்காலத்தில் ஒருவர் இந்த 15 சென்ட்டையும் பிரித்துத் தரும்படி வழக்குப் போடுவார். போட்டதைப் பார்த்திருக்கிறேன். தடத்தைச் சர்வேயரிடம் சொல்லித் தனி உட்பிரிவாக அளந்துகொண்டால் புலப்படத்தில் கோடு விழும். பத்திரத்தோடு ஒரு வரைபடம் சேர்த்து எல்லாரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

செந்தூல் அக்கா

ஐயா, கிணற்றுக்கு?

பிரிக்பீல்ட்ஸ் பழைய எழுத்தர்

அக்கா, "பாதி பாத்தியம்" என்றால் தண்ணீரில் பாதி என்று நினைக்கிறோம். கிணற்றுக்குப் போய்ச் சேரும் வழியும், அங்கிருந்து உங்கள் வயலுக்குக் குழாய் போகும் வழியும் எழுதினால்தான் அந்தப் பாதிக்கு மதிப்பு. சாவி யாரிடம் என்பதைவிடக் கொட்டகை யார் நிலத்தில் நிற்கிறது என்பதே கேள்வி. பொது நிலத்தில் இருந்தால் இரண்டாவது சாவிக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

மின் இணைப்பு ஒருவர் பெயரில்தான் இருக்கும். அந்த இணைப்பு எண்ணைப் பத்திரத்தில் எழுதி, இன்னார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் பொது என்றும், பெயர் மாற்றத்துக்கு மற்றவர் ஆட்சேபம் சொல்லக்கூடாது என்றும் சேர்ப்போம். தூர் வாரும் செலவும், மோட்டார் காயில் கட்டும் செலவும் பங்கு விகிதப்படி. ஒருவர் செலவு தராவிட்டால் என்ன என்பதையும் எழுத வேண்டும். "தரும்வரை தண்ணீர் இல்லை" என்று எழுதுவார்கள், எனக்கு அது பிடிக்காது, பயிர் காய்ந்துவிடும். நான் "செலவு செய்தவர் வட்டியுடன் வசூலித்துக்கொள்ளலாம்" என்று எழுதுவேன்.

பட்டர்வொர்த் ரவுண்டானா

வட்டி என்று எழுதினால் யார் கொடுப்பார்கள் ஐயா? தண்ணீரை நிறுத்தினால்தான் காசு வரும். அனுபவத்தில் சொல்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாம் டுரியான்

எனக்கு ஒன்று புரியவில்லை. தாத்தா வாங்கிய நிலத்தை இங்கே மலேசியாவில் மூன்று பேர் பிரித்தோம். நில அலுவலகத்தில் விண்ணப்பம், சர்வேயர், தனித்தனிப் பட்டா, முடிந்தது. விவசாய நிலம் என்றால் ஒரு துண்டு இரண்டில் ஐந்து ஹெக்டேருக்குக் குறையக்கூடாது என்றார்கள், எங்களுடையது தேறியது. ஒவ்வொரு துண்டுக்கும் வழி இருக்கிறதா என்று அவர்களே பார்த்தார்கள். நீங்கள் பட்டா எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லையே?

பிரிக்பீல்ட்ஸ் பழைய எழுத்தர்

தம்பி, முதலில் அது ஐந்தில் இரண்டு ஹெக்டேர், ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் சொல்லும் பட்டாவும் நாங்கள் சொல்லும் பட்டாவும் வேறு. இங்கே பட்டாதான் உரிமை. தமிழ்நாட்டில் பட்டா வருவாய்த்துறைப் பதிவு, உரிமைக்கு ஆதாரம் பத்திரம். அங்கே உட்பிரிவு செய்யாதவரை கூட்டுப்பட்டாவாகவே கிடக்கும். இன்னொன்று: மலேசியாவில் தேசிய நிலச் சட்டப்படி எத்தனை ஆண்டுகள் நடந்தாலும் நடந்ததால் மட்டும் வழியுரிமை வராது, பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு நடந்திருந்தால் கோரலாம். அதை நம்பித்தான் எங்கள் ஊரில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். 19-ஆம் ஆண்டில் யாராவது கல் நடுவார்கள்.

கிள்ளான் பவர்காரன்

பவர் எழுதுபவர்களுக்கு என் கதை. தூதரகத்தில் சான்று வாங்கிச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் பீரோவில் பத்திரமாக வைத்தார், நாலு மாதம். அந்தப் பவர் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டுமாம். மறுபடி எழுதி அனுப்பினேன், மறுபடி கோலாலம்பூர் வரிசை. அவ்வளவுதான். பத்திர வரைவை மின்னஞ்சலில் வாங்கிப் படித்துவிட்டுப் பவர் கொடுத்திருக்கலாம், அந்தப் புத்தியும் இல்லை.

ஜெலுத்தோங்காரன்

ஐயா சொன்ன ஐந்தரை சென்ட்டை நேற்றிரவு தாளில் போட்டுப் பார்த்தேன். இன்று காலை அண்ணனுக்குத் தொலைபேசி செய்தேன். "தடத்துக்கு உங்கள் நிலம் எவ்வளவு போகிறது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஐந்தரை இல்லை, ஆறு. பனைமரத்து வளைவில் அகலமாகும்" என்றார்.

12 அடி தடத்துக்குத் தனிப் பத்திரம் எழுதித் தந்தால் நிலத்தின் மதிப்பில் என் பங்கைக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். தம்பியும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். தம்பியோ கிணற்றுக்கும் சேர்த்து எழுதினால்தான் வருவேன் என்கிறான். பனைமரத்தை வெட்டுவதா, கல்லைப் பிடுங்குவதா என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. பழைய எழுத்தர் ஐயா, வரைவு வந்ததும் உங்களுக்கு அனுப்பலாமா?