7,000 வாடகை ஒரேயடியாக 10,500: நியாய வாடகை கேட்டு மனுப் போடலாமா?

அம்மாபேட்டை தறிக்காரர்: ஆறு வருடமாக ஒரே வீடு, 7,000 வாடகை. தை மாதத்திலிருந்து 10,500 கொடு என்கிறார் வீட்டுக்காரர். கோர்ட்டில் நியாய வாடகை போட்டால் குறையும் என்று தெருவில் சொல்கிறார்கள். நிஜமாகக் குறையுமா? எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

மூணுரோடு மாமா: வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அதுதான் சட்டம். உங்களுக்கு 350 ரூபாய்தான் ஏறலாம். புனேயில் என் பையன் இருக்கிறான், அங்கே 4 சதவீதம்தானாம். தைரியமாகப் போடுங்க.

ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா: மாமா, அந்த 4 சதவீதம் மகாராஷ்டிரத்தின் 1999 சட்டத்தில் இருப்பது. டெல்லியில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம். தமிழ்நாட்டுச் சட்டத்தில் இப்படி ஓர் உச்சவரம்பு எழுதப்படவில்லை. இங்கே 5 சதவீதம் என்பது ஒப்பந்தத்தில் நாம் எழுதிக்கொள்ளும் வழக்கம்தான்.

தறிக்காரர் தம்பி, நீங்கள் கேட்கும் நியாய வாடகை 1960 சட்டத்தைச் சேர்ந்தது. சேலத்தில் முன்சீப் கோர்ட்டில் அந்த மனுக்களோடுதான் என் பாதி வயது போனது. ஊர் வாடகை என்ன என்று அதில் பார்க்க மாட்டார்கள். இடத்தின் சந்தை மதிப்பு, தேய்மானம் கழித்த கட்டட மதிப்பு, வசதிகளுக்கு ஒரு தொகை, மூன்றையும் கூட்டுவார்கள். குடியிருப்பு என்றால் அதில் 9 சதவீதம், கடை என்றால் 12 சதவீதம் வருட வாடகை.

உங்கள் வீட்டையே ஒரு பேச்சுக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டடம் 600 சதுர அடி, வாசலும் கொல்லையும் 200 என்று வையுங்கள். கட்டடம் நிற்கும் இடத்தில் பாதி அளவுவரை காலியிடத்தையும் சேர்க்கலாம். ஆக 800 அடி. அடி 2,000 என்றால் இடம் மட்டும் 16 லட்சம். பழைய கட்டடம் 5 லட்சம், வசதிகள் 1 லட்சம். மொத்தம் 22 லட்சம். அதில் 9 சதவீதம் 1,98,000, மாதம் 16,500!

அதனால்தான் இடத்தின் விலை ஏற ஏற, குடியிருப்பவரைவிட வீட்டுக்காரர்களே அந்த மனுவை அதிகம் போட்டார்கள். சண்டை முழுக்க இடத்தின் மதிப்பில்தான். அவர்கள் மெயின் ரோட்டுக் கிரயப் பத்திரத்தைக் காட்டுவார்கள், நாங்கள் சந்துக்குள் இருக்கும் பத்திரத்தைத் தேடி எடுப்போம். இரண்டு இன்ஜினியர்கள் கொடுக்கும் ரிப்போர்ட்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

ஏற்காடு ஒண்டிக்கடை: ஐயா, நான் ஏற்காட்டில் 3 லட்சம் போக்கியத்துக்கு இருக்கிறேன். மாத வாடகையே கிடையாது. எனக்கு எவ்வளவு ஏற்றலாம்?

ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா: உங்களுடையது வேறு பேச்சுங்க. பத்திரத்தைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடாது. தனியாக ஒரு கேள்வி போடுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்காரம்மா: பார்த்தீர்களா, கணக்குப்படி எங்களுக்கு 16,500 வரவேண்டும். 10,500 கேட்டதற்குக் கோர்ட்டா? வீட்டு வரி ஏறிவிட்டது, மொட்டைமாடி ஒழுகினால் பூச நான்தான் ஆள் கூப்பிட வேண்டும்.

அம்மாபேட்டை தறிக்காரர்: அக்கா, ஆறு வருடத்தில் அந்த வீட்டுக்கு வெள்ளைகூட அடிக்கவில்லை. கொல்லைக் கதவு நான் வாங்கிப் போட்டது. இடத்தின் விலை ஏறியதால் என் நெசவுக் கூலி ஏறிவிட்டதா?

ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா: அம்மா, அந்தக் கணக்கை இப்போது நீங்களும் கேட்க முடியாது. 2019 பிப்ரவரி 22-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது, 1960 சட்டம் போய்விட்டது. இப்போது எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் வாடகை, ஏற்றமும் அதன்படிதான். தகராறு என்றால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் அவர் கையில் 9 சதவீதம் போல ஒரு வாய்ப்பாடு இல்லை.

தம்பி, உங்கள் ஆபத்து வாடகையில் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் போடாததையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கேட்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. முதலில் ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யக் கேளுங்கள். எவ்வளவு ஏறும், எந்த மாதம் என்று அதில் இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் ரசீது வாங்குங்கள். ரசீது தராவிட்டால் பேங்க் வழியாகப் போடுங்கள்.

மூணுரோடு மாமா: சரி, சட்டமில்லை என்றே வையுங்கள். வருடா வருடம் 5 சதவீதம் ஏற்றியிருந்தால் 7,000 இன்று என்ன ஆகியிருக்கும்? போட்டுப் பார்த்தேன், சுமார் 9,380. அந்தத் தொகைக்குப் பேசலாமே.

ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்காரம்மா: ஆறு வருடம் ஏற்றாமல் விட்டது அவர் செய்த நல்லது. அதற்கு எந்தக் கணக்கும் இல்லையா?

அம்மாபேட்டை தறிக்காரர்: 9,400க்கு எழுதிக் கொடுத்தால் நான் தயார். கதவுக்குக் கொடுத்த 4,200 ரூபாயைக் கழிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.