ஒதென்டிகேற்றர் இருந்த போன் போய்விட்டது, பேக்கப் கோடும் பிழை என்கிறது. என்ன செய்யலாம்?

கொக்குவில் ரீச்சர்
வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரியூசன் நிலையம் நடத்துகிறோம். நோட்ஸ், மாதிரி வினாத்தாள், மார்க்ஸ் எல்லாம் ஒரே கூகிள் கணக்கின் டிரைவில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கின் ஒதென்டிகேற்றர் என் போனில் இருந்தது. நேற்றுக் கிணற்றடியில் போன் விழுந்து டிஸ்பிளே முழுதாகப் போய்விட்டது. திருத்துகிற கடையில் போர்ட்டும் நனைந்துவிட்டது, நம்ப வேண்டாம் என்கிறார்கள்.

பேக்கப் கோட் அச்சடித்த தாள் கையில் இருக்கிறது. பத்து எண்கள், இரண்டு வெட்டப்பட்டிருக்கின்றன. மிச்சத்தில் எதைப் போட்டாலும் பிழை என்றே வருகிறது. பாஸ்வேர்ட் சரி, அதைத் தாண்டித்தான் இந்தப் பக்கம் வருகிறது. கணக்கில் போட்டிருந்த போன் நம்பர் பழையது, அந்த சிம் இப்போது இல்லை. அடுத்த கிழமை மாதிரிப் பரீட்சை. யாராவது வழி சொல்லுங்கள்.

சுன்னாகம் பெடியன்
அக்கா, இது நேரப் பிரச்சினை. போனின் நேரம் கொஞ்சம் முன்பின் ஆனாலே கோட் பிழை என்றுதான் வரும். செற்றிங்ஸில் நேரத்தைத் தானாக எடுக்கும்படி விட்டுப் பாருங்கோ. எனக்கு அப்படித்தான் சரிவந்தது.

வயர்மன்
தம்பி சொல்வது உண்மைதான், ஆனால் வேறு கோடுக்கு. ஒதென்டிகேற்றரில் 30 விநாடிக்கொருமுறை மாறுகிற ஆறு இலக்கம் நேரத்தை வைத்துத்தான் உருவாகிறது, நேரம் பிசகினால் அது பிழைக்கும். பேக்கப் கோடுக்கும் நேரத்துக்கும் தொடர்பே இல்லை. அது முன்கூட்டியே எழுதிக் கொடுத்த எட்டு இலக்கம், ஒருமுறை போட்டால் செத்துவிடும், அவ்வளவுதான்.

ரீச்சர், முதலில் ஒரு கேள்வி. அந்த எண்ணை எந்தப் பெட்டியில் போட்டீர்கள்? பாஸ்வேர்டுக்கு அடுத்து வரும் பக்கம் ஒதென்டிகேற்றர் எண்ணைத்தான் கேட்கும். அதில் எட்டு இலக்கத்தைப் போட்டால் பிழை என்றுதான் சொல்லும். கீழே `Try another way` என்று இருக்கும். அதை அமத்தினால் ஒரு பட்டியல் வரும், அதில் `Enter one of your 8-digit backup codes` என்பதைத் தெரிந்தெடுத்து, அங்கே வரும் பெட்டியில் போடவேண்டும். தாளில் நான்கு நான்காகப் பிரித்து அச்சடித்திருப்பார்கள், நடுவில் இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான்.

இன்னொன்று. எட்டு எண்களையும் வரிசையாக அடித்துக்கொண்டே போகவேண்டாம். தொடர்ந்து பிழைத்தால் கொஞ்ச நேரத்துக்கு உள்ளே விடாமல் நிறுத்திவைப்பார்கள்.

ரொறொன்ரோ மாமி
பிள்ளை, எனக்கும் போன மாதம் இதே கதை. புது போன் வாங்கி வட்ஸ்அப் போட்டால் ஆறு எண் கேட்கிறது, அந்த எண் பழைய போனுக்குப் போகிறது. கடைசியில் மகன்தான் வந்து செய்து தந்தான். நீங்களும் சிம்மை எடுத்துப் புது போனில் போடுங்கோ, வந்துவிடும்.

வயர்மன்
மாமி, அது சிம்முக்கு வருகிற எண். ரீச்சருக்கு அந்த சிம்மும் இல்லை, கேட்பதும் அந்த எண் இல்லை.

கொக்குவில் ரீச்சர்
நன்றி. முதல் தடவை ஆறு இலக்கப் பெட்டியில்தான் போட்டிருக்கிறேன். இப்போது நீங்கள் சொன்ன இடத்துக்கே போய் ஒன்றை மட்டும் போட்டேன். அதுவும் பிழை.

உதவும் கரம்
சகோதரி, இன்பொக்ஸுக்கு வாங்கோ. தாளை வைபரில் படம் எடுத்து அனுப்பினால் எது வேலை செய்யும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

வயர்மன்
அனுப்பவேண்டாம். எது வேலை செய்யும் என்று பார்க்க ஒரே வழி அதைப் போட்டுப் பார்ப்பது. அதற்குப் பாஸ்வேர்டும் வேண்டும். அடுத்ததாக அவர் கேட்கப்போவது அதுதான்.

ரீச்சர், தாளை ஒருமுறை வடிவாகப் பாருங்கள். கூகிள் தருகிற தாளில் கணக்கின் மின்னஞ்சலும், கோட் எடுத்த தேதியும் இருக்கும். `These codes were generated on` என்ற வரி. மின்னஞ்சல் இந்தக் கணக்குடையதுதானா, தேதி என்ன என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு உங்கள் மூன்று பேரில் யாராவது புதிதாகக் கோட் எடுத்தார்களா என்று விசாரியுங்கள். `Get new codes` என்பதை ஒருமுறை அமத்தினால் புதிதாகப் பத்து வரும், பழைய பத்தும் அந்த நிமிடமே செல்லாது. தாளில் வெட்டாமல் இருப்பதால் மட்டும் அது உயிரோடு இருப்பதாகாது.

கொக்குவில் ரீச்சர்
மின்னஞ்சல் சரி. தேதி 2022 மார்ச். இரசாயனம் எடுக்கிற சேரிடம் கேட்டேன். போன வருடம் நான் கொழும்பில் நின்றபோது அவருக்கு உள்ளே போகவேண்டி வந்ததாம். அலுவலகக் கணினியில் கணக்கு ஏற்கெனவே திறந்திருந்ததால், அதிலிருந்தே "எங்களுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று புதிதாக எடுத்தாராம். எங்கே வைத்தார் என்று நினைவில்லை. கணினி இருக்கிறது. ஆனால் பிரவுசரை யாரோ துடைத்துவிட்டார்கள், இப்போது அதிலும் பாஸ்வேர்ட் கேட்கிறது.

வயர்மன்
அப்போ உங்கள் தாள் போன வருடமே செத்துவிட்டது. ஆனால் அவர் `Download` அமத்தியிருந்தால் கோப்பு அந்தக் கணினியிலேயே கிடக்கும். பிரவுசரைத் துடைத்தாலும் டவுன்லோட் ஆன கோப்பு அழியாது. பெயர் `Backup-codes-` என்று தொடங்கி, பின்னால் உங்கள் கணக்கின் பெயர் வரும். விண்டோஸ் என்றால் கொமாண்ட் பிரொம்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
dir /s /b "%USERPROFILE%\Backup-codes-*.txt"
```

ஒன்றுக்கு மேல் கிடைத்தால், பெயரின் முடிவில் `(1)` இருக்கிறதா என்று பார்த்துத் தீர்மானிக்கவேண்டாம். திறந்து உள்ளே இருக்கும் தேதியைப் பாருங்கள், கடைசித் தேதி உள்ளதுதான் செல்லும்.

கிடைத்தால் அவசரப்படாமல் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். ஒரு கோடைப் போட்டு உள்ளே போங்கள், போட்டதை உடனே வெட்டிவிடுங்கள். பேந்து பாதுகாப்புப் பக்கத்தில் 2-Step Verification. அங்கே திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்கும், சிலவேளை இன்னொரு கோடும் கேட்கும், அதனால் இரண்டாவது ஒன்று கைவசம் இருக்கட்டும். முதல் வேலையாகப் புது போனில் ஒதென்டிகேற்றரை ஏற்றி, `Change authenticator app` வழியாக QR ஐ ஸ்கான் செய்து, அது தருகிற ஆறு இலக்கத்தைப் போட்டு உறுதிசெய்யுங்கள். அதோடு பழைய போனில் இருந்தது செல்லாமல் போகும். பழைய போன் நம்பரையும் அப்படியே தூக்கிவிடுங்கள், அந்த நம்பர் நாளைக்கு வேறு யாருக்கும் போகலாம். புதுக் கோட் எடுப்பது கடைசி வேலை. முதலிலேயே எடுத்துவிட்டு அதை எழுதமுதல் கரண்ட் போனால், கையில் இருப்பதும் செல்லாது, புதியதும் தெரியாது.

கொக்குவில் ரீச்சர்
கிடைத்தது! டவுன்லோட்ஸில் இல்லை, "கெமிஸ்ட்ரி 2ம் தவணை" என்ற போல்டருக்குள் கிடந்தது. முதல் கோடிலேயே உள்ளே போய்விட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டாவதும் கேட்டது. புது போனில் ஒதென்டிகேற்றர் வேலை செய்கிறது. இனிப் புதுக் கோடை அச்சடிக்கவேண்டும், சந்திக் கொமினிக்கேசனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்தால் சரிதானே?

சாவகச்சேரிக் கடைக்காரர்
நானே கொமினிக்கேசன் வைத்திருப்பவன், சொல்கிறேன். அனுப்பாதீர்கள். எங்களுக்கு வருகிற கோப்பு வட்ஸ்அப் வெப்பில் கிடக்கும், டவுன்லோட்ஸில் கிடக்கும், ஆட்கள் மறந்துவிட்டுப் போகிற தாள் குப்பைக் கூடையில் கிடக்கும். நாங்கள் ஒன்றையும் களவெடுக்கமாட்டோம், ஆனால் அந்தக் கணினியில் நாளுக்கு எத்தனை பேர் கை வைக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. பத்து எண்தானே, பேனையால் எழுதுங்கோ. எழுதியபின் ஒவ்வொன்றாகத் திரையோடு ஒப்பிடுங்கோ, 1 உம் 7 உம் எங்கள் எழுத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

லமினேட் பண்ணித் தரச்சொல்லியும் கேட்பார்கள். அப்புறம் பாவித்த கோடை எதால் வெட்டுவது? மாரி மழைக்குப் பயமென்றால் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டினால் காணும்.

சுன்னாகம் பெடியன்
இவ்வளவு கஷ்டம் ஏன்? ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தால் முடிந்தது.

வயர்மன்
அந்தப் படம் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்துப் பார். போனில் மட்டும் இருந்தால் போனோடு கிணற்றுக்குள். கூகிள் போட்டோஸுக்கு ஏறினால், பூட்டிய கணக்குக்குள்ளேயே சாவி. ரீச்சர் அந்தக் கோப்பை டிரைவில் மட்டும் போட்டிருந்தாலும் இன்றைக்கு இதே கதைதான். பாஸ்வேர்ட் மனேஜரில் வைப்பது நல்லது, நானும் அப்படித்தான் வைக்கிறேன். ஆனால் அந்த மனேஜரைத் திறக்கிற கோட் மட்டும் வெளியே, தாளில். பாஸ்வேர்டும் கோடும் ஒரே தாளில் இருந்தால் எடுக்கிறவனுக்கு இரண்டு பூட்டும் ஒன்றாகத் திறக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கணினியில் கிடக்கிற அந்தப் பழைய கோப்பையும் அழியுங்கள். புதிது எடுத்தவுடன் அது எப்படியும் செல்லாது, ஆனால் அடுத்தமுறை தேடும்போது குழப்பும்.

கொக்குவில் ரீச்சர்
எழுதிவிட்டேன், தலைப்பில் கணக்கின் பெயரும் இன்றைய தேதியும் போட்டேன். இரண்டு கேள்வி மிச்சம். எங்கள் பேஸ்புக் பக்கத்தை நடத்துகிற கணக்குக்கும் அதே ஒதென்டிகேற்றர்தான். இந்தக் கோட் அதற்கும் உதவுமா? மற்றது, மூன்று பேருக்கும் தாள் வேண்டும் என்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

வயர்மன்
உதவாது. ஒவ்வொரு கணக்குக்கும் அதனதன் கோட்தான். ஆனால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2023 ஏப்ரலில் இருந்து கூகிள் ஒதென்டிகேற்றர் உள்ளிருப்பதைக் கூகிள் கணக்கோடு சேர்த்துச் சேமிக்கும். பழைய போனில் நீங்கள் ஒதென்டிகேற்றருக்குள் கணக்கைப் போட்டு உள்நுழைந்திருந்தால், புது போனிலும் அதே கணக்கைப் போட்டதும் பேஸ்புக் வரி தானாக வந்து நிற்கும். வரவில்லையென்றால் அன்று அது போட்டிருக்கவில்லை. அப்படியானால் எந்தக் கணினியில் பேஸ்புக் இன்னும் திறந்திருக்கிறதோ அதை லொக் அவுட் செய்யவே வேண்டாம், அதன் வழியாகத்தான் ஒரு புது ஒதென்டிகேற்றரைச் சேர்க்க முயலவேண்டும்.

மூன்று பேருக்கு: பத்தையும் மூன்று பிரதி எடுக்கவேண்டாம். நான்கு, மூன்று, மூன்று என்று பிரித்துக் கொடுங்கள். ஒருவர் வெட்டியது மற்றவருக்குத் தெரியாத பிரச்சினை அதோடு முடியும்.

கொக்குவில் ரீச்சர்
பேஸ்புக் வரி வரவில்லை. கணிதம் எடுப்பவரின் லப்டொப்பில் திறந்திருப்பதாகச் சொல்கிறார், நாளைக்குக் கொண்டுவருவார்.

சாவகச்சேரிக் கடைக்காரர்
பிரித்துக் கொடுப்பது சரி, ஆனால் இரசாயனம் சேர் திரும்பவும் `Get new codes` அமத்தினால் மூன்று பேரின் தாளும் ஒன்றாகச் செல்லாமல் போகுமே?

வயர்மன்
போகும். அதைத் தடுக்கிற செற்றிங் ஒன்றும் இல்லை. அவரோடுதான் கதைக்கவேண்டும்.