காண்டாக்ட் ஷேடோ: அடிநிழலா, தொடுநிழலா?

மணிமேகலை:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான படத்திருத்தக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பயிற்சி முழு உருவப் படத்தைப் பற்றியது: வேட்டி சட்டையில் நிற்பவரின் கறுப்பு ஷூவை எடுத்துவிட்டுத் தோல் செருப்பு மாட்ட வேண்டும். செருப்பு தரையைத் தொடும் இடத்தில் வரும் நிழலுக்கான இந்த ஒரு வரி மட்டும் தமிழ்ச் சொல் இல்லாமல் காலியாக நிற்கிறது:

```
msgid "contact shadow"
msgstr ""
```

'தொடர்பு நிழல்' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். தொலைபேசி எண் போல ஒலிக்கிறது. வேறு சொல் தாருங்கள்.

புலவர் ஐயா:
அடிநிழல் என்று வைக்கலாமே, அம்மா. அடி என்றால் பாதமும் உண்டு, கீழ்ப்பகுதியும் உண்டு. ஒரே சொல்லில் இரண்டும் அடங்குகிறது. புதிதாக எதற்குச் சொல் படைக்க வேண்டும்?

பாஸ்கர்:
ஐயா, 'ஈசன் எந்தை இணையடி நிழலே' என்று அப்பர் பாடியபின் அந்தச் சொல்லுக்கு அடைக்கலம் என்ற பொருள் ஊறிப்போயிற்று. 'அடிநிழலை மங்கலாக்கு' என்று கையேட்டில் வந்தால் பையன்கள் சிரிப்பார்கள். சொல் இருக்கட்டும், இதற்கு இவ்வளவு பாடு எதற்கு? செருப்பு லேயருக்கு `Drop Shadow` கொடுத்தால் நிழல் வந்துவிடுகிறதே.

சேகர்:
வரும் பாஸ்கர், ஆனால் அது சுவரில் விழுந்த நிழல். செருப்பின் வடிவத்தை அப்படியே நகலெடுத்துப் பின்னால் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறது. தரையில் கிடக்கும் நிழல் தரையோடு படுத்திருக்க வேண்டும். `Create Layer` கொடுத்து அந்த நிழலைத் தனியாகப் பிரித்து, தரைக்குப் படுக்க வைத்தால் தள்ளி விழும் நிழலுக்கு உதவும். அவ்வளவுதான். மணிமேகலை அக்கா கேட்பது வேறு: அடித்தோல் தரையைத் தொடும் இடத்தில், எந்தப் பக்க வெளிச்சமும் நுழைய முடியாததால் வரும் மெல்லிய கருங்கோடு. விளக்கு எங்கே இருந்தாலும் அது இருக்கும். அது இல்லையென்றால் ஆள் ஒரு விரற்கடை அந்தரத்தில் நிற்பார்.

கணக்கோடு சொல்கிறேன், கையேட்டுக்கும் உதவும். ஆள் 170 செ.மீ., படத்தில் அவர் உயரம் 5,100 பிக்சல் என்றால் ஒரு செ.மீ.க்கு 30 பிக்சல். ஷூவின் அடி 3 செ.மீ., செருப்பின் அடி ஒன்றரை செ.மீ. என்றால் பாதம் 45 பிக்சல் கீழே இறங்க வேண்டும். பழைய அடிக்கோட்டில் செருப்பைப் பொருத்திவிட்டுக் கணுக்காலை அப்படியே விட்டால் நடுவில் அந்த 45 பிக்சல் ஒட்டாமல் இருக்கும். வேட்டியின் கீழ்க்கரை அதை மறைத்தால் நல்லது, இல்லையேல் கரைக்குக் கீழே உள்ள காலை நீட்ட வேண்டும்.

அடுத்தது பழைய நிழல். 'அசல் நிழல்தானே, இருக்கட்டும்' என்று விடுபவர்கள்தான் அதிகம். ஷூ அகலம், செருப்பு ஒல்லி. பழைய கருங்கோடு செருப்புக்கு வெளியே தனியாக நிற்கும், நடுவே தரை பளிச்சென்று தெரியும். அதனால் ஷூவைச் சுற்றி 2, 3 செ.மீ. அழித்துத் தரையை நிரப்புங்கள். காலும் வேட்டியும் தள்ளி வீழ்த்திய பெரிய நிழலில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

புதியதை இரண்டு லேயராகப் போடுங்கள், இரண்டும் `Multiply`. முதலாவது அடியை ஒட்டி 7, 8 பிக்சல் அகலம், மங்கல் 2 பிக்சல். இரண்டாவது 60 பிக்சல் அகலம், மங்கல் 20, அடர்த்தி 30 முதல் 40 சதவீதம். நிறம் சுத்தக் கறுப்பு கூடாது. அதே படத்தில் நாற்காலிக் காலோ தொட்டியோ தரையைத் தொடும் இடத்திலிருந்து எடுங்கள்.

நசீமா:
எங்கள் கடையில் பளபளப்பான கிரானைட் தரை. இதெல்லாம் போட்டும் செருப்பு மிதக்கிறது. நிழலை இன்னும் கறுப்பாக்கலாமா?

சேகர்:
வேண்டாம். உங்களுக்குக் குறைவது நிழல் அல்ல, பிரதிபலிப்பு. செருப்பைத் தலைகீழாக்கி அடிக்கோட்டில் முட்ட வையுங்கள். ஆனால் வெறுமனே கவிழ்த்தால் போதாது. மேலிருந்து பார்க்கும்போது நமக்குத் தெரியும் மேல்பக்கம் தரையின் பிம்பத்தில் தெரியாது, பக்கவாட்டு மட்டுமே தெரியும். மேல்வார் பிம்பத்திலும் தெரிந்தால் பொய் என்று உடனே பிடிபடும்.

புலவர் ஐயா:
அப்படியானால் தொடுநிழல். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். இன்னொரு சுவை: சங்க நூல்களில் செருப்புக்குத் 'தொடுதோல்' என்றே பெயர். பட்டினப்பாலையில் 'தொடுதோல் அடியர்' வருகிறார்கள். தொடுதோலின் கீழ்த் தொடுநிழல்! பதிற்றுப்பத்தில் 'மிதியல் செருப்பு' என்றொரு தொடர் உண்டு. மிதிக்காத செருப்பு எது என்றால், செருப்பு என்ற பெயருடைய மலை. பூழியர் நாட்டு மலை அது. சேரனின்...

பாஸ்கர்:
ஐயா, மலைக்கு நிழல் போட வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. தொடுதல் என்றால் தோண்டுதலும் ஆயிற்றே, 'தொட்டனைத் தூறும் மணற்கேணி'. தோண்டிய நிழல் என்று கொள்வார்களோ? 'ஒட்டுநிழல்' என்றால் படிக்காதவருக்கும் புரியும்.

நசீமா:
எங்கள் பையன்கள் 'கீழே ஷேடோ போடு' என்பார்கள், வேலை முடிந்துவிடும். காண்டாக்ட் ஷேடோ என்றே எழுதுங்களேன்.

மணிமேகலை:
மென்பொருளில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சரி, இவர்கள் முதலாண்டு மாணவர்கள். சேகர், கோடு எல்லா இடத்திலும் ஒரே அகலமா? அதைப் பொறுத்துத்தான் 'ஒட்டு' சரியா என்று பார்க்க வேண்டும்.

சேகர்:
இல்லை, ஆரம்பநிலையில் இருப்பவர்கள் தவறுவது அங்கேதான். செருப்பைச் சுற்றி ஒரே தடிப்பில் கோடு போட்டால் ஸ்டிக்கர் மாதிரி இருக்கும். எடை இறங்கும் குதிகாலிலும் விரல்களின் அடிமேட்டிலும் கோடு அடர்த்தி. முனை தரையிலிருந்து அரை செ.மீ. போலத் தூக்கி இருக்கும், அங்கே வெளிச்சம் நுழைவதால் கோடு அறுந்து மங்கும். ஒரு காலில் எடையைப் போட்டு மற்றதைத் தளர்த்தி நின்றால், தளர்ந்த காலின் தூக்கிய குதிகாலுக்குக் கீழே கருங்கோடே வராது, மென்மையான நிழல் மட்டும்தான்.

இன்னொன்று, இது தரைக்கு மட்டும் உரியதல்ல. செருப்பில் விரல்கள் மேல்தோலில் அழுந்தும் இடத்திலும் வாருக்கு அடியிலும் இதே கோடு உண்டு. ஷூவில் கால் மூடியிருந்ததால் அது தேவைப்படவில்லை, செருப்புக்குத் தேவை. அதனால் 'அடி' பொருந்தாது, 'ஒட்டு' என்றால் ஒட்டிவைத்த போலி என்று தோன்றும். தொடுநிழலுக்கு என் ஓட்டு.

செருப்பைப் படமெடுக்கும்போது கேமராவையும் பாருங்கள். ஆளை 3 மீட்டர் தள்ளி, 1 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்திருந்தால் பாதத்தைச் சுமார் 18 பாகை சாய்வில் பார்க்கிறோம். விற்பனைப் பட்டியலில் தலைக்கு மேலிருந்து எடுத்த செருப்பு அதற்கு ஒத்துவராது. உள்தோல் அளவுக்கு மேல் தெரியும், எந்த நிழலும் அதைத் தரையில் நிறுத்தாது.

பாஸ்கர்:
சரி, அப்படியானால் தள்ளி விழுவதற்கு 'விழுநிழல்'. ஜோடி பொருந்துகிறது.

புலவர் ஐயா:
விழு என்றால் சிறந்த. விழுப்பொருள், விழுச்செல்வம். மேலான நிழல் என்றாகும். வீழ்நிழல் எனலாம்.

பாஸ்கர்:
தொடுதோல் வந்தபோது பழம்பொருள் இனித்தது, விழுநிழலுக்கு மட்டும் கசக்கிறதா?

மணிமேகலை:
நன்றி. தொடுநிழல் என்று பதிந்துவிட்டேன், இப்போதைக்கு மூன்றுக்கு இரண்டு. முதல் பக்கத்தில் மட்டும் பக்கத்தில் காண்டாக்ட் ஷேடோ என்றும் போடுகிறேன், நசீமாவுக்காக. விழுநிழல் அடுத்த பதிப்புக்கு.

புலவர் ஐயா:
பதியுங்கள். வீழ்நிழலுக்காக நான் தனியே ஓர் இழை தொடங்குவேன்.

நசீமா:
கவிழ்த்த செருப்பின் வார் பிம்பத்தை அழித்துவிட்டேன். இப்போது நிற்கிறது. அந்தப் பிம்பத்துக்கு என்ன சொல் எழுதுவீர்கள்?